விலைக்குப் போகாத இரும்பு

கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்த தன் கணவன் கலியன் பம்புக்கு உறுப்புகள் செய்கிறான் என்றே செல்வி நம்பியிருந்தாள். ஒரு நண்பகலில் சோறு கொண்டுபோனவள் கண்டதோ வேறு. அவன் ஓர் இரும்புக் கட்டையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். மேஸ்திரி யேசுதாஸ் அதை நேர்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஓரம் சாய்ஞ்சுகீதுப்பா" என்று கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டு, வேறொரு கட்டையை நீட்டினார்.

செல்வி சோற்றுத் தூக்கை ணங்கென்று கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா இதான் வேலையா? பம்புன்னியே மாமா!"

"நெசத்தைச் சொன்னா சிரிப்பியேன்னுதான்…"

அவளோ கருவுற்றிருந்தாள், அவனுக்குக் கிடைத்த உதவித்தொகையோ உலை கொதிக்கவே போதவில்லை. அவளுடைய பெரியப்பா மகன் வரதன், தான் வேலை செய்யும் பட்டறையில் இருமடங்கு தருவார்கள் என்று அழைத்துக்கொண்டே இருந்தான். ஆகவே கலியனுக்கு அடுத்த விடுமுறை வந்ததும் இருவரும் அங்கே சென்றனர்.

வரதனுக்கு அது பயிற்சியின் மூன்றாம் ஆண்டு. துளைக்கு வழிகாட்டும் இரும்புக் கூட்டில் தகட்டை வைப்பான், பிடியை இழுப்பான், துளை விழும். வெளியே அவற்றை ஏற்றிக்கொண்டு லாரி நின்றது.

"பாத்தியா மாமா, அண்ணன் செஞ்சது லாரி ஏறுது!" என்று பூரித்தாள் செல்வி.

அப்பொழுது துளையிடும் பிட்டு கிறீச்சிட்டுப் புகைந்தது. வரதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"இன்னாண்ணே?"

"மொண்ணையாயிடுச்சு தங்கச்சி. மேஸ்திரி வந்து சாணை புடிப்பாரு."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நான் அதைக் கத்துக்கினு இருந்தா ஓட்டை யாரு போடறது?" என்று சிரித்தான்.

கலியன் மெல்லக் கேட்டான்: "கூட்டை எடுத்துட்டா, ஓட்டை எங்க போடணும்னு நீயே குறிச்சுக்குவியா மச்சான்?"

சிரிப்பு வற்றியது. "முதலாளி வுட்டாதானே."

"மூணு வருசம் முடிஞ்சா சர்க்கார் பரீட்சை எழுதணுமே?"

"பயிற்சி ஒப்பந்தமே போடல, பரீட்சைக்கு எங்க போறது? துட்டு வருது, அவ்ளோதான்."

திரும்பும் வழியில் கலியன் தலை குனிந்தே நடந்தான். "நாளைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு மச்சான் பட்டறைக்கே வந்துடறேன். நீ மாசமா கீறே."

செல்வி நின்றாள். யேசுதாஸ் தொட்டியில் எறிந்த கட்டைகளெல்லாம் கலியன் தொழில் கற்பதற்காக அந்தக் கூடத்து முதலாளி ஏற்ற நட்டமல்லவா என்பது அப்பொழுதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்க மேஸ்திரி இன்னும் எத்தினி கட்டைய தூக்கிப் போடுவாரு?"

"நேராகிற வரைக்கும்."

"போடட்டும். நீ அங்கயே இரு. நான் பழவேற்காட்டு எறா வாங்கியாந்து இங்க விக்கறேன்."

"இந்த ஒடம்போட கூடை தூக்குவியா?"

"தலையிலதானே தூக்கப்போறேன், வயித்துலயா?"

கலியன் அவள் கையைப் பற்றி, அரம் சாயாமல் எப்படித் தள்ள வேண்டும் என்று காற்றிலே காட்டினான். வீடு வரும்வரை அவளும் மணிக்கட்டை நேராகவே பிடித்துக்கொண்டு நடந்தாள்.