ஒன்பது வரியும் சரி

பத்து வரி எழுதச் சொன்னார்கள். பத்து வரியில் ஒன்பது சரி என்றால் அது நல்ல மதிப்பெண்தானே? என் வாழ்க்கையில் நான் அதற்கு மேல் கேட்டதே இல்லை. ஆனால் அந்தச் செயலி என்னைப் பார்த்து, ஒன்பது வரியும் சரி, சுருக்கம் தவறு என்றது. எனக்கு வந்த கோபத்தில் போனை மேஜை மேல் போட்டேன். நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை.

நான் இளமதி. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ இறுதியாண்டு. தொழிற்பாதுகாப்புப் பாடம் எடுக்கும் ராஜ்மோகன் சார் வகுப்புப் பக்கத்தில் ஒரு கட்டுரையை ஏற்றியிருந்தார். பீங்கான், கல் தொழில்களில் வரும் தூசியைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய ஆறு பக்கம். அதைப் படித்துச் சொந்த நடையில் பத்து வரியில் சுருக்க வேண்டும். பிறகு கட்டுரையையும் நம் சுருக்கத்தையும் கல்லூரி கொடுத்திருக்கும் ஏஐ செயலியில் ஏற்றி, மையக் கருத்து திரிந்திருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அது சொல்லும் பதிலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சுருக்கத்தை அதுவே எழுதக் கூடாது. பார்த்துச் சொல்ல மட்டும்தான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. நன்றாக வருகிற சுருக்கத்தைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு கம்பெனியின் வாசலில் பெரிதாக அச்சடித்து ஒட்டுவார்கள். எழுதியவருக்கு அங்கேயே ஒரு வருடப் பயிற்சி வேலை. அந்தக் கம்பெனியில்தான் அப்பா பதினெட்டு வருடமாக அரவைப் பகுதியில் நிற்கிறார். கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு அவருக்குக் கிடைத்த வேலை அது. எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், என்னைத் தவிர. பிறகு நானும் செய்துவிட்டேன்.

என் பத்தாவது வரி இது: 'ஆகவே மாவு படாமல் முகக்கவசம் அணிந்தால் நுரையீரல் பாதுகாப்பாக இருக்கும்.' எழுதி முடித்ததும் எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

செயலியின் பதில் இப்படி வந்தது. 'முதல் ஒன்பது வரிகளில் உள்ள தகவல்கள் கட்டுரையில் உள்ளவையே. ஆனால் பத்தாவது வரி கட்டுரையின் முடிவு அல்ல. தூசி எழும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும், முகக்கவசம் கடைசி வழி என்பதே கட்டுரையின் மையக் கருத்து. நான்காம், ஆறாம் பக்கங்களில் அது தெளிவாக உள்ளது. பாதிப்பு கண்டவரைத் தூசியிலிருந்து விலக்க வேண்டும் என்பதும் விடுபட்டுள்ளது. மேலும், "மாவு" என்ற சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? கட்டுரை பேசுவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைப் பற்றி.'

ஏன் தேர்ந்தெடுத்தேனாம்! எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயரே கிடையாது. அப்பாவின் சட்டையில் இருப்பது மாவு. சைக்கிள் சீட்டில் மாவு. சின்ன வயதில் அவர் புருவத்தில் ஒட்டியிருப்பதை நான் ஊதி விடுவேன், அதுவும் மாவுதான். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இட்லிக்கு ஆட்டுவதும் மாவு, பீங்கானுக்கு அரைப்பதும் மாவு. கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்தால் போய்விடுகிறது. அதைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

சரி, மாவைத் 'தூசி' ஆக்கினேன். கூடவே, 'முகக்கவசத்தோடு தண்ணீர் தெளிப்பதும் நல்லது' என்று சேர்த்தேன். செயலி விடவில்லை. 'கட்டுரை இதைக் கூடுதல் யோசனையாகச் சொல்லவில்லை, முதல் கடமையாகச் சொல்கிறது. அந்தக் கடமை நிறுவனத்தினுடையது என்கிறது. உங்கள் வரியில் வரிசை தலைகீழாக உள்ளது' என்றது. நான்கு முறை மாற்றினேன். நான்கு முறையும் மரியாதையாக அதே இடத்தில் வந்து நின்றது. திட்டினாலாவது பரவாயில்லை.

பிறகு ஒரு திருட்டு வேலை செய்தேன். கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து, என் முதல் சுருக்கத்தோடு ஏற்றினேன். அவற்றில் நோய் என்ன, யாருக்கு வரும் என்பது மட்டும்தான். முகக்கவசம் போடுங்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. இப்போது பதில் சாதகமாக வந்தது: 'இந்த இரண்டு பக்கங்களோடு சுருக்கம் ஒத்துப்போகிறது.' மகிழ்ச்சியில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அதன் கீழே இன்னும் ஒரு வரி: 'ஆனால் இரண்டாம் பக்கம் வாக்கியத்தின் நடுவில் முடிகிறது. மீதிப் பக்கங்களைப் பார்க்காமல் முழுக் கட்டுரையின் மையக் கருத்து இதில் உள்ளதா என்று சொல்ல முடியாது.'

அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டுப் படமெடுத்து ராஜ்மோகன் சாரிடம் கொண்டு போனேன். அவர் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு வருடமும் ஜூனில் தன் வேலை இருக்கிறதா என்று தெரியாமல் வருகிறவர். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆறு பக்கம் ஏத்துனேனே, மீதி எங்கம்மா?"

நான் போனைப் பைக்குள் போட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நீ எழுதுனது தப்புன்னு உனக்கே தெரியும். ஆனா சரியா எழுதுனா அத அந்த கம்பெனி வாசல்ல ஒட்ட மாட்டாங்க. முதலாளிதான் மொதல்ல செய்யணும்னு அவர் வாசல்லயே எப்படி ஒட்டுவாரு? ஒண்ணு பண்ணு. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு, ஒட்டுறதுக்கு ஒண்ணு எழுதிக் குடு."

"ரெண்டும் ஒரே கட்டுரைதான சார்?"

"ஆமா. அதான் கஷ்டம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள குடுத்துடு."

அவர் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அவரும் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்தான். வெளியே வந்தால் வெயில் சுட்டெரித்தது. உண்மையை எழுதினால் அப்பாவின் வேலைக்கே ஆபத்து, எழுதாவிட்டால் அந்தத் தூசியில் அப்பாவே நிற்கிறார்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். கிணற்றடியில் குளித்தார், இருமினார், மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வீட்டில் இது கடிகாரம் அடிக்கிற மாதிரி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா அவருடைய சட்டையை வாசலில் உதறினார். அப்பா தன் துணி முகக்கவசத்தைத் துவைத்துக் கொடியில் போட்டார். அது நான் தைத்துக் கொடுத்தது, அவருடைய பிறந்தநாளுக்கு. துணி நுண்தூசியைத் தடுக்காது என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. என்னால் அந்தக் கொடியைப் பார்க்க முடியவில்லை.

டீ குடிக்கும்போது என் முதல் சுருக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குது பாப்பா. அப்படியே குடுத்துடு. எங்க வாசல்ல ஒட்டட்டும், எம் பொண்ணுதுன்னு சொல்லிக்கிறேன்."

"இது தப்புப்பா. ஒம்பது வரியும் சரி, ஆனா சொல்ல வந்தது இதுல இல்ல."

"அது எப்படி? ஒம்பது வரி சரின்னா மொத்தமும் சரிதான?"

நானும் அப்படித்தான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அப்பாவும் ஒருமுறை இப்படி ஒன்றைச் சுருக்கிச் சொன்னது நினைவுக்கு வந்தது. நேராகச் சமையல் பக்கம் போனேன்.

"அம்மா, ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா கடலூருக்குப் போயி எக்ஸ்ரே எடுத்தாரே, டாக்டர் என்னா சொன்னாங்கன்னு சொன்னாரு?"

அம்மா யோசிக்கக்கூட இல்லை. ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "நெஞ்சுல சளி இருக்குது. மாத்திர குடுத்துருக்காங்க. வேலையில மாஸ்க் போடச் சொன்னாங்க. டிபி இல்ல, பயப்பட வேணாம்னாங்க. அவ்ளோதான்."

நாலு வரி. நன்றாகச் சுருக்கப்பட்டிருந்தது.

"அந்த ரிப்போர்ட்டு எங்க இருக்குது?"

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு இப்ப அது?"

பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு பெரிய உறை இருந்தது. உள்ளே படமும் ஒரு தாளும். தாள் ஆங்கிலத்தில் இருந்தது, எனக்குப் படிக்க வரும், அப்பாவுக்கு வராது. ஆனால் அடியில் டாக்டர் அவருக்காகவே தமிழில் கையால் எழுதியிருந்தார். சளிக்கு மாத்திரை. டிபி இல்லை. முகக்கவசம் போடவும். அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு: 'நுரையீரலில் தூசித் தழும்பு. இது ஆறாது. அரவை வேலையை உடனே விடவும்.'

செயலியில் ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் உறையோடு வந்து அவர் முன்னால் நின்றேன்.

"நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய் இல்ல பாப்பா" என்றார் அப்பா.

"பொய் இல்லப்பா."

"நீ அப்ப மொத வருஷம் சேந்துருந்த. நான் வுட்டுட்டா என்னா பண்றது? இப்ப உனக்கு அங்கயே எடம் கெடச்சா, நான் வுட்டுடலாம்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவர் இரண்டு வருடமாக என் பெயரைச் சொல்லித் தூசியில் நின்றிருக்கிறார். அவரை வெளியே எடுக்க நான் அதே கம்பெனிக்குள் போக வேண்டுமாம், அதே காற்றுக்குள். அதற்குச் சீட்டு, அந்தப் பத்தாவது வரி. அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் அப்பாவின் சட்டை இருந்தது. மறுபடி உதறப் போனவர் உதறவில்லை, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

நான் போனை எடுத்துப் பத்தாவது வரியை அழித்து, மறுபடி எழுதினேன். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம், இரண்டு வாக்கியத்தை அதில் நெருக்கி அடைத்தேன். 'தூசியை எழும் இடத்திலேயே தடுப்பது நிறுவனத்தின் முதல் கடமை, முகக்கவசம் கடைசி வழி. தழும்பு விழுந்தவரைத் தூசியிலிருந்து உடனே விலக்க வேண்டும், ஏனென்றால் அது ஆறாது.' ஆறு பக்கத்தையும் ஏற்றினேன். 'மையக் கருத்து இப்போது உள்ளது' என்றது. அப்பாவிடம் காட்டினேன்.

"இத ஒட்ட மாட்டாங்க பாப்பா."

"தெரியும்ப்பா."

"உன் எடம் போயிடும்."

"தெரியும்ப்பா."

அவர் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டுகிறவர் போல உதடு அசைந்தது. பிறகு டாக்டரின் தாளை எடுத்து, அடிக்கோட்டில் விரல் வைத்து அம்மா பக்கம் திரும்பினார்.

"திரௌபதி, அன்னிக்கு டாக்டரு இன்னொண்ணும் சொன்னாங்க" என்றார்.