பதினாலு கோப்பும் ஒரே ஒரு ஆமாவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்னா பெருசா ஒண்ணுமில்ல, மாடியில ரெண்டு ரூம், மூணு மேஜை, மழை பெஞ்சா ஒழுகுற ஒரு ஜன்னல். எழுதினவங்க அனுப்புறதை மின்னூலாக் கட்டிக் குடுக்குறது எங்க வேலை. எழுத்தாளர்கள்ல பாதிப் பேர் கைப்பிரதியை ஏதோ துணி மூட்டை மாதிரி அள்ளி அனுப்பிட்டு, "நீங்களே பாத்து பண்ணிடுங்க"ம்பாங்க. பாக்குறதுக்கு நான் என்ன அவங்க வீட்டு மருமகளா?

வாத்தியார் அப்படிப்பட்டவர் இல்ல. பள்ளிக்கூடத்துல விளையாட்டு சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவர். பதினாலு அத்தியாயம், பதினாலு தனித்தனிக் கோப்பு, ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அவரோட பொண்ணைப் பத்தின புத்தகம். வீட்டுல அவளை வாலுன்னுதான் கூப்பிடுவாங்களாம். பத்தொம்பது வயசுல பஸ் மோதிப் போயிட்டா. ஒவ்வொரு அத்தியாயமும் அவளோட ஒரு நாள். 'அலாரம்', 'குடை', 'சைக்கிள்', 'விசில்'னு தலைப்பு. அவ போன நாளுக்கு மட்டும் 'செவ்வாய்க்கிழமை'ன்னு வச்சிருந்தார்.

எல்லாம் சரி, எதுக்கும் நம்பர் போடல. மனுஷன் அதை மறக்கல, வேணும்னேதான் போடல. அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஒரு காலை பத்து மணிக்கு போன் பண்ணினார். அன்னைக்கு வேற ஒரு புத்தகத்தை மின்னூல் விக்கிற இணையக் கடையில நிராகரிச்சுத் திருப்பி அனுப்பியிருந்தாங்க, முதலாளி என் தலைமேல நின்னுக்கிட்டிருந்தார்.

"வரிசை சொல்றேம்மா, எழுதிக்கோ. வயசு வரிசையில போட்டுடாதே. செவ்வாய்க்கிழமை எங்க வருதுங்கிறதுதான் இந்தப் புத்தகமே. அது ஏன் அங்க வருதுன்னு சொன்னாத்தான் உனக்கு..."

"சார், ஒரு லிஸ்ட் மெயில் பண்ணிடுங்களேன். கதையெல்லாம் கேக்க நேரமில்ல."

"லிஸ்ட்டா எழுதினா புரியாதும்மா. அஞ்சு நிமிஷம்."

"சாயங்காலம் பேசலாம் சார்." வச்சுட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது காதுல விழுந்தது. விழுந்தும் வச்சேன்.

மத்தியானம் அவருக்கு மூளையில ரத்தம் அடைச்சு, வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு போச்சு. ஆறு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். ஆமா. காபி வேணுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. எழுத்தும் போயிடுச்சாம், தன் பேரையே கண்டுபிடிக்கத் தெரியல. மத்ததெல்லாம் உள்ள இருக்கும், வெளிய வர வழிதான் இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி, டீச்சரம்மா. போனிலேயே அழுதாங்க. அன்னைக்குக் காலையில அவர் எனக்குக் கூப்பிட்டதை நான் சொல்லல. என் வாய் நீளம்லாம் அன்னைக்கு எங்க போச்சோ.

விற்பனைத் தேதியை வாத்தியாரே முன்னாடியே குறிச்சுட்டார். முன்பதிவு ஓடிக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசிக் கோப்பை ஏத்தலேன்னா கடைக்காரன் ரத்து பண்ணிடுவான். அட்டை தயார். அட்டை முதல்ல, அடுத்து தலைப்புப் பக்கம், அடுத்து சமர்ப்பணம், அது வரைக்கும் யாருக்கும் சந்தேகமில்ல. அதுக்குப் பின்னாடிதான் வெட்டவெளி.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மின்னூல்ங்கிறது உள்ள ஒரு சின்ன மூட்டை. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. மூட்டைக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல். எதுக்கு அடுத்து எது வாசிக்க வரணும்னு இன்னொரு வரிசை. அப்புறம் வாசிக்கிறவங்க தொட்டுப் போறதுக்கு ஒரு பொருளடக்கம். பேர் தமிழ்ல இருந்தா சில கருவிக்கு ஒத்துக்காதுன்னு நான் வாங்கின உடனே கோப்புக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு பதினாலு வரைக்கும் பேர் மாத்திடுவேன். வரிசை வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு, திரையில அகர வரிசையில எப்படி நின்னுச்சோ அப்படியே நம்பர் போட்டிருந்தேன். அதுல 'குளியலறைப் பாட்டு' ஆறு, 'செவ்வாய்க்கிழமை' ஏழு, 'சைக்கிள்' எட்டு. தற்காலிகம்தான். எங்க தொழில்ல தற்காலிகமா வச்சதுதான் நிரந்தரமா உக்காந்துக்கும்.

தடயம் தேடாத இடமில்ல. கோப்பு சேமிச்ச தேதி பாத்தேன், பென் டிரைவுக்கு மாத்தினப்ப எல்லாத்துக்கும் ஒரே தேதி விழுந்திருக்கு. ஒரு அத்தியாயத்துல இன்னொரு அத்தியாயத்தைப் பத்தி ஒரு வரி வருமான்னு மூணு தடவை படிச்சேன். வரல. டீச்சரம்மா வீட்டுல டைரி, பழைய நோட்டு, அலமாரி, மேஜை அடி எல்லாம் துழாவிட்டாங்க. அந்த மனுஷன் வரிசையைத் தலைக்குள்ளேயே வச்சிருந்திருக்கார்.

வேலையில குறுக்கு வழி உண்டான்னு கேப்பீங்க. வரிசையே இல்லாம, பொருளடக்கத்துல வட்டமா தலைப்பைப் போட்டு, விரும்பினதைத் தொட்டுப் படிச்சுக்கோன்னு விட்டுடலாமேன்னு முதலாளி சொன்னார். ஐயா, அத்தியாயம் முடிஞ்சு விரலால பக்கத்தைத் தள்ளினா ஏதோ ஒண்ணு அடுத்து வந்தே தீரணும். பொருளடக்கம் ஒண்ணு சொல்லி, பக்கம் வேற எங்கயாவது போனா, சோதிக்கிற மென்பொருளே எச்சரிக்கை காட்டும். எதையாவது முதல்ல வச்சுத்தான் ஆகணும். எதையாவது கடைசியில வச்சுத்தான் ஆகணும்.

புதன்கிழமை லேப்டாப்பையும் ஒரு டேப்லெட்டையும் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனேன். நாலாவது மாடி. கூடத்துல கட்டில் போட்டிருந்தாங்க. வாத்தியார் தலையணை வச்சு நிமிர்ந்து உக்காந்திருந்தார், வலது கை மடியில யாரோ மறந்து வச்சுட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. என்னைப் பாத்ததும், "ஆமா, ஆமா"ன்னார். சந்தோஷமாத்தான் சொன்னார்.

டீச்சரம்மா நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டாங்க.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும்," குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "செவ்வாய்க்கிழமையை இவர் எங்க வச்சார்? கடைசியிலயா? அவ போனதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சாரா, இல்ல அதுக்கப்புறம் அவளைச் சைக்கிள்ல ஏத்தினாரா? எட்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் அந்த நாளைப் பத்திப் பேசினதே இல்ல. இவர் எழுதுறார்னு தெரியும். படிக்க எனக்கு தைரியம் இல்ல. புத்தகமா வந்ததும் இவர் வச்ச வரிசையில படிச்சுக்கலாம்னு இருந்தேன்."

"வயசு வரிசை இல்லைன்னு ஒரு தடவை போன்ல சொன்னார்," இது மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சது.

"அப்போ கடைசியில இல்ல?" முகம் பளிச்சுனு மலர்ந்தது.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மத்ததைக் கலைச்சுட்டு இதை மட்டும் கடைசியில வச்சிருந்தாலும் வயசு வரிசை இல்லதானே."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிச்சு. வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

சீட்டு வச்சுப் பாத்தோம். எழுத்துப் படிக்க வராதேன்னு சீட்டுல படம் வரைஞ்சேன். குடை, சைக்கிள், விசில், பஸ். என் படத்தைப் பாத்து டீச்சரம்மாவே சிரிச்சுட்டாங்க. "இது சைக்கிளா, மூக்குக்கண்ணாடியா?" வாத்தியார் இடது கையால ஒவ்வொண்ணா நகர்த்தி வரிசையா வச்சார். ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தோம். எழுதிக்கிட்டேன். கலைச்சுட்டு மறுபடி வைக்கச் சொன்னோம். வேற வரிசை. மூணாவது தடவை இன்னொண்ணு. நாலாவது தடவை சீட்டையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார்.

கொஞ்ச நேரம் கழிச்சு டீச்சரம்மா கட்டில் ஓரத்துல போய் உக்காந்தாங்க. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

"செவ்வாய்க்கிழமையைக் கடைசியில வைக்கணுமா?"

"ஆமா."

"முதல்ல வச்சுடலாமா?"

"ஆமா."

"அது வேண்டவே வேண்டாம்னு எடுத்துடட்டுமா?"

"ஆமா." அவர் கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுது. எதுக்குன்னு யாரைக் கேக்குறது?

டீச்சரம்மா முந்தானையால அவர் முகத்தைத் துடைச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க. "முப்பத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் நான் கேட்ட எதுக்காவது ஒரு ஆமா சொல்லியிருப்பாரா? மகராசன், இப்ப சொல்றார் பாரு." சிரிக்கத்தான் பாத்தாங்க, முடியல.

"இப்ப அந்த அத்தியாயம் எங்க இருக்கு?"

"ஏழாவதா இருக்கும்மா. நடுவுல. ஆனா அதை யாரும் யோசிச்சு வைக்கல. அகர வரிசையில அது பாட்டுக்கு அங்க போய் நின்னுச்சு."

"யாரும் வைக்கலையா?"

"யாரும் வைக்கல."

"அப்போ அங்கேயே இருக்கட்டும். நீ வச்சா நீ வச்சதாயிடும். நான் வச்சா காலம் பூரா உறுத்தும். என் பொண்ணுக்கு அந்த நாளை நான் எந்த இடத்துல வைப்பேன், சொல்லு."

பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன், அகர வரிசையில ஒரு புத்தகம் வெளிய போறது அநியாயம்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குப் பதிலா வைக்க என்கிட்ட வேற என்ன இருந்தது? அங்கேயே லேப்டாப்பைத் திறந்து பொருளடக்கத்தையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்தேன். மூட்டையைக் கட்டிச் சோதனைக்குப் போட்டேன். பிழை இல்லைன்னு வந்துச்சு.

டேப்லெட்ல ஏத்தி அவர் மடியில வச்சோம். அட்டை வந்துச்சு, வாலு ரெட்டைச் சடையோட சிரிக்கிற படம். தொட்டுத் தொட்டுப் பாத்தார். டீச்சரம்மா சத்தமாப் படிக்க ஆரம்பிச்சாங்க. எல்லாத்தையும் படிக்க நேரமில்லைன்னு நான் பொருளடக்கத்துல இருந்து நேரா ஆறாவதுக்குப் போயிட்டேன். அந்த இடத்தை அவர் ஏத்துக்குறாரான்னுதானே பாக்கணும். குளியலறைக்குள்ள வாலு தப்புத்தப்பாப் பாட்டுப் பாட, வெளிய வரிசையில நிக்கிற அப்பன் கதவைத் தட்டித் திட்டுறதை டீச்சரம்மா படிக்கப் படிக்க, வாத்தியார் தோள் குலுங்கச் சிரிச்சார். அத்தியாயம் முடிஞ்சது. பக்கத்தைத் தள்ளினாங்க.

'செவ்வாய்க்கிழமை.'

தலைப்பைப் படிச்சதுதான் தாமதம், வாத்தியாரோட இடது கை சடார்னு வந்து பக்கத்தைப் பின்னாடி தள்ளிச்சு. மறுபடியும் குளியலறைப் பாட்டு. டீச்சரம்மா முன்னாடி தள்ளினாங்க. அவர் பின்னாடி தள்ளினார். "ஆமா! ஆமா!" இந்தத் தடவை அதட்டலா, மைதானத்துல கடைசி வரிசைப் பையனுக்குக் கேக்குற மாதிரி.

"என்னங்க? இடம் தப்பா? இங்க வரக்கூடாதா?"

"ஆமா!"

"இல்ல, படிக்கவே வேண்டாமா?"

"ஆமா!" மறுபடி பின்னாடி தள்ளினார். நரம்பு புடைக்க என்னையே பாத்தார். டீச்சரம்மாவைப் பாக்கல, என்னைத்தான் பாத்தார்.

"இவர் என்ன சொல்றாரும்மா?" டீச்சரம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. "வரிசை தப்புங்கிறாரா? அந்த நாள் வேண்டாங்கிறாரா? உன்னைத்தானே பாக்குறார், உன்கிட்டதானே புத்தகத்தைப் பத்திப் பேசினார். சொல்லும்மா."

"தெரியலம்மா"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம், அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. "அன்னைக்குக் காலையில சொல்றதுக்குத்தான் கூப்பிட்டார். அஞ்சு நிமிஷம் கேட்டார். நான்தாம்மா போனை வச்சுட்டேன்."

டீச்சரம்மா என் கையை விட்டுட்டாங்க.