பேச்சியம்மாவின் வலது கன்னம்

பேச்சியம்மாவுக்கு வலது கன்னத்தில் வலி வந்துவிட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். பதில் சொல்ல வாய் திறந்தாலே வெட்டும். மலையில் காற்று முகத்தில் பட்டாலும் வெட்டும். கொழுந்துக் கூடையை அப்படியே போட்டுவிட்டு, கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் குந்திவிடுவாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து கொழுந்து கிள்ளுவாள். பிறகு திரும்பவும் வெட்டும். ஒரு வாய் ரொட்டி தின்ன அவள் படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே சோறு இறங்காது.

நான் மீனம்மா, பக்கத்துக் காம்பராக்காரி. நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தெரியும். அதனால் நான் சொல்வதில் கூட்டல் குறைத்தல் கிடையாது. மிச்சத்தை அவள் புருசன் கந்தப்பனே என் வாசற்படியில் குந்தியிருந்து சொல்லி அழுதான்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் எங்கள் எல்லோருக்கும் கேட்ட மாத்திரைதான். அவளுக்கு மட்டும் ஒரு சொட்டும் கேட்கவில்லை. அப்படியானால் பல் கோளாறாகத்தான் இருக்கும் என்று அங்கே மருந்து கொடுக்கிற மருந்தையா ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். கடைசியில் கந்தப்பன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்கு லீவு போட்டு, அவளை நுவரெலியாவுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே ஒரு பெரிய டாக்டர், பஞ்சை நுனியாகத் திரித்து அவள் உதட்டோரம் லேசாகத் தொட்டாராம். அவள் துடித்த துடிப்பைப் பார்த்ததுமே விளங்கிவிட்டதாம். பல்லில் ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகிற நரம்புதான் கெட்டுப்போயிருக்கிறது என்றார். அடிபட்டால், வீங்கினால், அந்த இடத்து வலியைக் குறைப்பது ஆஸ்பிரின். இங்கே அடியுமில்லை, வீக்கமுமில்லை. யாரும் கயிற்றை இழுக்காமலே, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி தன்பாட்டில் அடித்தால் எப்படி? இந்த நரம்பும் அப்படித்தான் என்று அவளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறார். வலிப்புக்காரருக்கு மூளையில் தாறுமாறாகத் துடிப்பதை அடக்குகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, அதுவே இந்த நரம்பையும் அடக்கும். வலிக்கிற நேரம் மட்டும் விழுங்கினால் பிரயோசனமில்லை. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் மூன்று வேளையும் குடிக்க வேண்டும். உடம்பில் ஊறிப் பிடிக்க நாளெடுக்கும். தலை சுற்றினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே வர வேண்டும். அவராகச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இவ்வளவும் பேச்சியம்மா ஒப்பித்தது. கந்தப்பன் காதில் ஏறியது ஒரே ஒரு சொல், வலிப்பு.

ஏனென்றால் அவர்கள் மகள் வடிவுக்கு அப்போதுதான் நோர்வூட் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் ராசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மனுசி. அவளுடைய தங்கை மகனுக்கு வலிப்பு. அந்த மாத்திரையைக் குப்பியோடு கண்டால் ராசம்மாவுக்கு அடையாளம் தெரியும். தாய்க்கு வலிப்பு என்றால் மகளை எவன் எடுப்பான்? இல்லை, இது நரம்பு வலிக்கு என்று விளக்கினால் கேட்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பத்துப் பன்னிரண்டு நாளில் பேச்சியம்மாவுக்கு வலி அடங்கியது. ரொட்டியை மென்று தின்றாள். மலையில் பாட்டுக்கூடப் பாடினாள். அந்த நேரம் பார்த்து ராசம்மா வீட்டார் அடிக்கடி வந்து போகத் தொடங்கினார்கள். கந்தப்பன் என்ன செய்தான் தெரியுமா? வலி மாத்திரை எல்லாம் வலி மாத்திரைதானே, ஆஸ்பிரினும் வெள்ளை, இதுவும் வெள்ளை என்று நினைத்து, ஜமால்தீன் கடையில் ஆஸ்பிரின் வாங்கி வேறொரு குப்பியில் போட்டு வைத்தான். ஆஸ்பத்திரி மாத்திரையைத் துணியில் முடிந்து கூரைத் தகரத்துக்கு அடியில் செருகினான். குப்பி உடைந்துபோனது, டாக்டரின் அதே மருந்தைப் புதிதாக வாங்கி வந்தேன் என்று பெண்சாதியிடம் ஒரு பொய்.

"இப்ப உள்ளது புளிக்குதே, நாக்குலயே கரைஞ்சு போகுதே" என்று அவள் கேட்டிருக்கிறாள். புதிதாக வந்த மருந்து அப்படித்தான் இருக்கும் என்று கந்தப்பன் சமாளித்தான்.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, ஆஸ்பிரினே போதும் என்று மடையனுக்குத் தைரியம் வந்தது. முன்பு குடித்த மருந்து இரத்தத்தில் மிச்சம் இருந்து காப்பாற்றியது என்று அவனுக்கு யார் சொல்வது? அது தீர்ந்ததும் வலி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. இரட்டிப்பாக விழுங்கினாள், வயிறு எரிந்ததுதான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வடிவுக்குப் பரிசம்.

"சம்பந்தி வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமாக்கா?" என்று எழுத்துக்கூட்டுவதுபோல விட்டுவிட்டுப் பேசி என்னிடம் அழுதாள். பெரிய டாக்டர் மருந்தே கைவிட்டுவிட்டது, அப்படியானால் மருந்தையா சொன்ன பல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். டிஸ்பென்சரிக்குப் போய் வலது பக்கம் இன்னும் இரண்டு பல்லைப் பிடுங்கச் சொன்னாள். பல் நல்லாயிருக்கிறதே என்று மருந்தையாவே தயங்கினாராம். இவள் காலைப் பிடித்தாள்.

கந்தப்பன் கூடவே போனான். இரத்தம் துப்புகிற பேசினை அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட வாய் வரை வந்ததாம். வடிவின் முகம் முன்னால் வந்து நின்றதாம். பாவி, வாயை மூடிக்கொண்டான். இரண்டு பல்லும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசினில் விழுந்த சத்தம் இன்னும் கேட்கிறது என்று என்னிடம் சொன்னான். கேட்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி மாத்திரையை எடுத்துக் குப்பியில் மாற்றிப் போட்டான். பரிசத்தன்று பேச்சியம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கையை மட்டும் கூப்பினாள். பல் பிடுங்கிய புண் என்று ராசம்மாவும் குற்றம் சொல்லவில்லை. அடுத்த கிழமை வலி குறைந்தது, பிறகு நின்றே போனது. வைகாசியில் கல்யாணமும் முடிந்தது.

பேச்சியம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பல்லைப் பிடுங்கியதும் சுகம் என்று. புருசன் பேசின் பிடித்த கதையைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும். அப்படி ஒரு ஆம்பிளை யாருக்குக் கிடைக்கும் என்பாள். கந்தப்பன் எழுந்து வெளியே போய்விடுவான்.

குப்பி தீர்கிற நேரம் வந்தது. நுவரெலியாவுக்குப் போய் வருவோம் என்றான். அவள் சிரித்தாள். நோயே இல்லை, மருந்து எதற்கு, இருக்கிறதையும் குப்பையில் போடப் போகிறேன் என்று குப்பியைக் கையில் எடுத்தாள். நான் அப்போது சுளகைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வாசலில் நின்றேன்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"பல்லுல ஒன்னுமில்ல பேச்சி" என்றான். "மாத்திரைய நான்தான் மாத்தி வச்சேன். அதாலதான் வலி வந்துச்சு. திருப்பி வச்சேன், நின்னுச்சு."

வடிவுக்காக, ராசம்மாவுக்குப் பயந்து என்று என்னென்னவோ சொன்னான். அவள் ஏசவில்லை. நாக்கால் பல் பிடுங்கிய அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

"பேசினப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான்.

பேச்சியம்மா ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். குப்பியை இறுக்கி மூடி என் கையில் வைத்தாள்.

"அக்கா, இது ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

இன்றைக்கும் நுவரெலியாவிலிருந்து வாங்கி வருகிற மாத்திரையை மூன்று வேளையும் என் காம்பராவுக்கு வந்துதான் குடித்துவிட்டுப் போகிறாள். கந்தப்பன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.