தூக்கத்துக்கு ஒரு ஸ்மார்ட் பிளக்

நான் இரவு ஷிஃப்ட் நர்ஸ். பகலில்தான் தூங்க வேண்டும். மாடியில் இருக்கும் என் அண்ணனோ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பகல் முழுக்க டிவியில் மல்யுத்தம். கெஞ்சியும் பார்த்துவிட்டேன், கத்தியும் பார்த்துவிட்டேன். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் சுதாரித்தேன்.

என் அண்ணன் மகராசன்தான் தள்ளுபடியில் இரண்டு ஸ்மார்ட் பிளக் வாங்கி வந்தான்; போனில் தட்டினாலே மின்சாரத்தைப் போடவும் நிறுத்தவும் செய்யுமாம். ஒன்று அவன் டிவிக்கு, ஒன்று என் ஃபேனுக்கு. ஆப்பைத் திறந்தால் முழுக்கச் சீன எழுத்து!

"யார் முதல்ல பிளக்கை போனோட சேர்க்கிறாங்கன்னு பாப்போமா?" என்றான். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி எங்கள் இருவருக்கும் உண்டு.

அவன் பிளக்கை டிவி பீரோவுக்குப் பின்னால் செருகி, பீரோவைச் சுவரோடு தள்ளிவிட்டு, "ரெடி!" என்று கத்தினான். நான் கீழே என்னுடையதைச் செருகினேன். அதிலிருந்த குட்டி விளக்கு படபடவென்று சிமிட்டியது. ஆப்பில் கூட்டல் குறி, பிளக் படம், வைஃபை பாஸ்வேர்டு, பெரிய நீலப் பட்டன். வீட்டுக்கு ஒரே வைஃபைதான். எழுத்து புரியாவிட்டால் என்ன, அழுத்தினேன். அவனும் அதே நேரம் அழுத்தியிருக்கிறான்.

திரையில் பிளக் படம் வந்தது. தட்டினேன். ஃபேன் அசையவில்லை. மாடியில் மல்யுத்தம் முழங்கியது.

"வந்துருச்சு! நான்தான் ஜெயிச்சேன்!" என்று கூவினான். உடனே என் ஃபேன் சுற்றியது.

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேடிச் சிமிட்டியதில், அவனுடையது என் போனிலும் என்னுடையது அவன் போனிலும் போய் ஒட்டிக்கொண்டன. ஒருமுறை தட்டினேன். மாடி அமைதியானது. அடடா, என்ன சுகம்!

"ஏய், டிவி போச்சு!" அவன் ஆப்பைக் குத்திக் குத்திப் பார்த்தான். என் ஃபேன் நின்றது, சுற்றியது, நின்றது. கடைசியில் படியிறங்கி வந்து என் போனையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"திருட்டுக் கழுதை! பிளக்ல இருக்கிற பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ரீசெட் ஆயிடும். மறுபடியும் மாத்திக்கலாம்."

"தாராளமா. போய் பீரோவை நகர்த்து."

அவன் முதுகைத் தடவிக்கொண்டான்.

"அப்ப உன் ஃபேனை நான் நிறுத்திடுவேன், பாத்துக்கோ!"

"நிறுத்து. நானும் தூங்க மாட்டேன், நீயும் டிவி பாக்க மாட்டே."

முணுமுணுத்துக்கொண்டே படியேறினான். நான் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில். ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி:

"நல்லா தூங்கினியாம்மா? எழுந்துட்டா டிவியைப் போட்டு விடு. அவசரமில்ல."