இருபத்தாறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்

தாராவியில் தோல் பை தைக்கும் சூசைமாணிக்கம் டிசம்பர் இருபதாம் தேதி என் மாட்டுங்கா வரிக் கணக்கு ஆபீசுக்குள் புயலாய் நுழைந்தார். வருமான வரி போர்ட்டலில் மெசேஜ். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனை, வருமான வரி ரிட்டர்னில் காட்டியதைவிட இருபத்தாறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் அதிகமாம்.

"சுஜாம்மா, ஒத்துக்கிட்டேன்னு அடிச்சு விடுங்க. எட்டு லட்சத்துக்கு மேல வரி வரும்னு சொல்லுதாங்க. புது மெஷின் ரெண்டுக்கு வச்ச பணம், போனா போகட்டும். எனக்கு இந்த கிட்கிட், தொல்லையெல்லாம் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணாச்சி, கணக்குப் பார்க்காம ஒரு பட்டனையும் தொட மாட்டேன். மூணு நாள் கொடுங்க."

இந்த வேலையில் எனக்குப் பயமே கிடையாது. வித்தியாசம் என்றால் அது எங்கோ ஒரு பில்லில் உட்கார்ந்திருக்கும். இரண்டு தொகையும் வரி சேர்க்காதவைதானா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு மாதவாரியாக, பில் பில்லாகப் பிரித்தேன்.

மூன்றாம் நாள் அவரை எதிரே உட்கார வைத்தேன்.

"உங்க சென்னைக் கடைக்கு நீங்களே பை அனுப்பினது இருபத்திரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். கடைக்குத் தனி ஜிஎஸ்டி நம்பர். அதனால ஜிஎஸ்டிக்கு பில் போட்டாகணும். ஆனா உங்க சரக்கு உங்களுக்கே போனா வருமான வரியில அது விற்பனையாகாது."

"அப்புறம்?"

"பழைய தையல் மெஷின்களை வித்தது மூணு லட்சத்துப் பத்தாயிரம். அது சொத்துக் கணக்குல கழிஞ்சிருக்கு. விற்பனையில வராது."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ முடிஞ்சுது!"

"முடியல. இன்னும் ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் இருக்கு. வடாலா வியாபாரிக்கு நீங்க வித்த தோல் கழிவு. ஜிஎஸ்டி பில் இருக்கு. காசு உங்க சொந்த ஜிபேக்கு வந்திருக்கு. புக்குல ஏறவே இல்ல. இதுக்கு மட்டும் நாப்பத்திரெண்டாயிரம் வரி, அதுக்கு மேல கொஞ்சம் வட்டி."

"அதையும் சென்னைக் கணக்குலயே சேத்துருங்களேன். யாரு பாக்கப் போறா?"

கட்ட வேண்டாத எட்டு லட்சத்தைக் கொடுக்க ஓடி வந்த மனிதர், கட்ட வேண்டிய நாற்பத்திரண்டாயிரத்துக்கு முகம் சுளித்தார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"சென்னை பில் அத்தனையும் வரி ஆபீஸ்காரங்க கைல இருக்கு. ஒரு பில் இடிச்சாலும் மிச்சம் இருபத்தஞ்சு லட்சத்தையும் நம்ப மாட்டாங்க. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் ரிட்டர்னைத் திருத்தலாம். இதை மட்டும் திருத்தி வரி கட்டிட்டு, மத்த ரெண்டுக்கும் விளக்கம் எழுதுவோம். இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

அவர் என் தாளை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"எழுதுங்கம்மா. கள்ளக் கணக்குக்காரன்னு ஒருத்தன் என்னைச் சொல்லப்படாது."

வரியை என் எதிரிலேயே கட்டினார். திருத்திய ரிட்டர்ன் ஏறியது, பதிலும் போனது. அவர் வாசலுக்குப் போவதற்குள் போனை எடுத்து மெஷின் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

"பாய், வோ மெஷின்... ஏக் நஹி. தோனோ பேஜ் தோ." ஒன்றில்லையாம், இரண்டையும் அனுப்ப வேண்டுமாம்.