ரசீது யார் பேரில்?

மாமா என் கவுண்டருக்கு வந்து நின்றபோது காலை பதினொன்று. என் அக்காவின் வீட்டுக்காரர். எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த மனிதர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பின்னால் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாரே தவிர, பதற மாட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை. காதில் போன், கையில் ஆறு கிஃப்ட் கார்டு.

எங்கள் கடையில் சாக்லேட் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சுழலும் கம்பி ஸ்டாண்ட் உண்டு. அதில் இந்தக் கார்டுகள் வரிசையாகத் தொங்கும். அண்ணன் மகன் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவதென்று தெரியாத சித்தப்பாக்கள்தான் வழக்கமாக எடுப்பார்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மாமாவுக்கு அப்படி யாருக்கும் பிறந்தநாள் இல்லை. இருந்தாலும் பேனா வாங்கித் தருகிற ஆள் அவர்.

"என்ன மாமா, லாட்டரி அடிச்சிடுச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் போடு குட்டி" என்றார்.

மூன்றுக்கு மேல் கார்டு வந்தால் என் திரையில் ஒரு கேள்வி வரும்: யாருக்காக வாங்குகிறார் என்று கேட்கவும். கீழே 'கேட்டேன்' என்று ஒரு பொத்தான். உண்மையைச் சொல்கிறேன், ஐந்து வருஷமாக அந்தப் பொத்தானைக் கேட்காமலேயே அழுத்தி வந்திருக்கிறேன். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யார் வாயைப் பிடுங்குவது? அன்று வரிசை இல்லை. அதனால் கேட்டேன்.

"யாருக்கு மாமா இதெல்லாம்?"

"ஆபீஸ்ல... பரிசு குடுக்க."

எந்த ஆபீஸ்? இவர் ஆபீஸ் நாலு சக்கரத்தில் ஓடுகிறது. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவர் மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"மாமா, போன்ல யாரு?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு கார்டுகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து, "போக்குவரத்து அபராதப் பிரிவு" என்றார். அடுத்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் என் அப்பா செத்தபோதுகூட என் முன்னால் அழவில்லை.

அரைகுறையாகச் சொன்னார். போன வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பின்னால் எடுத்திருக்கிறார். முனையில் இருக்கிற வீட்டுப் பச்சைக் கேட்டில் இடித்து, கம்பி வளைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பயத்தில் வந்துவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை, வேன் முதலாளியிடமும் சொல்லவில்லை. இன்று காலை போன். இடித்துவிட்டு ஓடியதாகக் கேஸ், பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்பதால் லைசென்ஸே போய்விடும், ஒரு மணி நேரத்தில் அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்களாம்.

"லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் குட்டி? எனக்கு வேற என்ன தெரியும்?"

"அபராதம் கட்டுறதுக்கு இது எதுக்கு?" கார்டைத் தூக்கிக் காட்டினேன்.

"பாங்க்ல போட்டா மூணு நாள் ஆகுமாம். கார்டு வாங்கி நம்பரைச் சொன்னா உடனே பதிவாகுமாம்."

இங்கேதான் எனக்கே தலை கால் புரியாமல் போனது. கிஃப்ட் கார்டு கேட்டால் திருட்டுத்தனம் என்று எழுதிய சின்ன ஸ்டிக்கர் என் கவுண்டரிலேயே ஒட்டியிருக்கிறது. பாதி உரிந்து, அதன் மேல் நான் விலைச் சீட்டு வேறு ஒட்டி வைத்திருக்கிறேன். தெரியாதவள் இல்லை நான். ஆனால் நாங்கள் இதே கவுண்டரில் கரண்ட் பில் வாங்குகிறோம். தண்ணீர் வரி வாங்குகிறோம். போனுக்குக் காசு ஏற்றுகிறோம். அப்படியென்றால் அபராதமும் ஏதாவது புது வழியில் வாங்குவார்களோ? நேற்றுவரை இல்லாதது இன்று வருவதெல்லாம் புதிதா என்ன? போதாததற்கு மாமா ஒன்று சொன்னார்.

"பொய்யா இருந்தா, பச்சைக் கேட்டுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமைன்னு எப்படித் தெரியும்?"

யாரும் பார்க்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை, ஆனால் போனில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. கார்டை ஸ்கேன் பண்ணக் கை நீட்டிவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

போனிலிருந்து குரல் கேட்டது. "என்ன ஆச்சு? அங்க யார்கிட்ட பேசறீங்க?"

நான் போனை வாங்கிக்கொண்டேன். கோபத்தில் இல்லை. குழப்பத்தில். யாராவது எனக்குச் சரியாக விளக்கினால் தேவலை என்றிருந்தது.

"சார், நான் கடைக் கவுண்டர்ல இருக்கேன். எப்படிக் கட்டணும், சொல்லுங்க."

"ரொம்ப நல்லதும்மா." குரல் தேனாக இருந்தது. "உங்க கடை எங்களோட அங்கீகரிக்கப்பட்ட கட்டண மையம். ஆறு கார்டுலயும் அதிகபட்சத் தொகை போடுங்க. அவர் நம்பரைச் சொல்லட்டும். அவ்வளவுதான்."

"சரி சார். நான் எதுல பதியணும்? கரண்ட் பில்லுன்னா வாடிக்கையாளர் நம்பர் அடிப்பேன், மின்சார ஆபீஸ் பேர்ல ரசீது வரும். இதுக்கு என்ன நம்பர் அடிக்கணும்? ரசீது யார் பேர்ல வரும்?"

சத்தியமாக மடக்கக் கேட்கவில்லை. எனக்கு வேலை நடக்க வேண்டுமே, அதற்காகக் கேட்டேன்.

அவன் மழுப்பினான்: "ரசீது அப்புறம் வீட்டுக்கு வரும்."

"இல்ல சார், நான் வித்தா கார்டு வித்ததா மட்டும்தான் ரசீது வரும். அதுல இவர் பேரும் இருக்காது, உங்க ஆபீஸ் பேரும் இருக்காது. நாளைக்கு இவர் கட்டலன்னு சொன்னா என்னத்தக் காட்டுவாரு?"

சொல்லச் சொல்லத்தான் எனக்கே வெளிச்சம் வந்தது. கரண்ட் பில்லில் பணம் ஒரு ஆபீசுக்குப் போகிறது. இந்தக் கார்டில் பணம் எந்த ஆபீசுக்கும் போவதில்லை. வெள்ளிப் பட்டையைச் சுரண்டினால் வருகிற நம்பரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த நம்பர் யார் காதில் விழுகிறதோ அவன் எடுத்துக்கொள்வான். எந்த அரசாங்கம் இப்படி அபராதம் வாங்கும்?

தேன் காணாமல் போனது. "அரசாங்க வேலையைத் தடுக்கறீங்க. உங்க மேலயும் கேஸ் போடுவேன். போனை அவர்கிட்ட குடு."

"போடுங்க" என்று துண்டித்தேன். உடனே மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

மாமா என்னைப் பார்த்துக் கத்தினார். "என்ன காரியம் பண்ணிட்டே! இருபது நிமிஷம்தான் இருக்கு! இனி நேரா வீட்டுக்கு வந்துடுவாங்க!"

"மாமா, உக்காருங்க. போன் வந்ததும் முதல்ல அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க."

"வண்டி மேல ஒரு கேஸ் இருக்குன்னான்."

"எந்த வண்டின்னானா? எங்கன்னானா?"

"நடந்ததை நீங்களே ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னான். நான் சொன்னேன், வியாழக்கிழமை, பச்சைக் கேட்டு, வேணும்னு பண்ணல சார்னு. அப்புறம் மேலதிகாரின்னு இன்னொருத்தர்கிட்ட குடுத்தான். அவர்தான் கரெக்டா..."

மாமா அங்கேயே நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. அந்த மேலதிகாரிக்குக் கேட்டின் நிறத்தைச் சொன்னது யார் என்று அவருக்கே உறைக்க நேரம் பிடித்தது.

"நானா?" என்றார் கடைசியில். பிறகு வேறு முகத்தோடு, "குட்டி, பஸ் ஸ்டாண்ட் கடையில ஏற்கெனவே மூணு வாங்கிட்டேன்" என்றார்.

அக்கா பல் கட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். இரண்டு கார்டின் நம்பரைப் படித்துச் சொல்லிவிட்டார். மூன்றாவதைச் சுரண்டவில்லை. நல்ல வேளையாக மூன்றும் ரசீதோடு சட்டைப் பையில் இருந்தன. எங்கள் சூப்பர்வைசர் அம்மா வந்து, கார்டின் பின்பக்கம் இருந்த கம்பெனி நம்பருக்கு உடனே போன் போட்டார். போன் போடுவதற்குள் ஒரு கார்டு காலி. எந்த ஊரில் எதை வாங்கினார்களோ. இன்னொன்றை அப்படியே முடக்கினார்கள். அந்தப் பணம் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாதாம், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். சுரண்டாத கார்டு மட்டும் முழுசாகக் கையில் இருந்தது.

"அப்போ கேஸ் இல்லையா?" மாமா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"இவனுங்க போட்ட கேஸ் இல்ல. கேட்டை இடிச்சது இடிச்சதுதான் மாமா. அதுக்கு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் நீங்க பதில் சொல்லணும்."

"கேஸ் இல்ல, ஆனா இடிச்சது நெசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்யும் நிஜமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தால் மனுஷன் என்னதான் செய்வார். எனக்குமே அன்று முழுக்கத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு நான்தான் போன் பண்ணினேன். கால் மணியில் வந்தாள். பல் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வியாழக்கிழமையிலேர்ந்து சரியா சாப்பிடல, வயித்துல ஏதோன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அது பைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். அதற்கு முன் பச்சைக் கேட் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு போலீஸ் ஸ்டேஷன் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். வேன் வரைக்கும் கூடவே போனேன். ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

"மாமா, இந்த மாதிரி ஆளுங்க யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானே சொல்வாங்க?"

"சொன்னான். பொண்டாட்டிகிட்ட சொல்லாதே, தெரிஞ்சவங்க இருக்கிற கடைக்குப் போகாதேன்னு மூணு தடவை சொன்னான்."

"அப்புறம் ஏன் என் கவுண்டருக்கு வந்தீங்க? பக்கத்துல ரெண்டு கவுண்டர் காலியாத்தானே இருந்துச்சு?"

மாமா ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல குட்டி" என்றார். "அவன் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னுதான் சொன்னேன். இது ஒண்ணை மட்டும் எப்படிக் கேக்காம விட்டேன்னு எனக்கே புரியல."

அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நீ பின்னால பார்த்து எடு" என்றாள்.