அச்சாரம் இல்லை

நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை அசன் மைதீன் நாலாகக் கிழித்து என் மேசையிலேயே போட்டார்.

"நான் என்ன ஜக்காத்தா கேக்கேன்? 'உதவுங்கள்'னு மூணு எடத்துல எழுதியிருக்கிய. மேலப்பாளையத்துல எவனாவது பாத்தாம்னா காறித் துப்புவான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாளையங்கோட்டை ஜெய்சன் ஸ்டூடியோவில் நகைக்கடை விளம்பரத்திலிருந்து நாற்பதாம் நாள் நினைவு வீடியோ வரை எல்லாவற்றுக்கும் எழுதுகிறவள் நான். ஒருத்தரும் என் காகிதத்தைக் கிழித்ததில்லை.

"பெறவு என்னன்னு எழுதணும்? சும்மா கையக் கட்டிட்டு நின்னா ஊரு பூரா உங்களுக்குப் பணம் போடுமா?"

"அச்சாரம்னு எழுதுங்க. ஏவாரத்துல உள்ள வார்த்தை. மானமுள்ள வார்த்தை."

சவூதியில், தம்மாமில் பதினேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர் அவர். வந்த இடத்தில் சும்மா இராமல் அப்பளம் உலர்த்தும் பெட்டி ஒன்று செய்தார். அலமாரி உயரம், உள்ளே வலைத் தட்டுகள், அடியில் ஒரு சூடேற்றி, ஒரு விசிறி. ஈரம் குறைந்ததும் தானாக நின்றுவிடும். கல்லிடைக்குறிச்சியில் ஐப்பசி மழை பிடித்தால் அப்பளக்காரர்களுக்குப் பிழைப்பு இல்லை. அதற்கு மருந்து இந்தப் பெட்டி என்பது அவர் பேச்சு. ஆனால் இருந்தது ஒரே பெட்டி. ஐம்பது பெட்டி சேர்த்துச் செய்தால்தான் தகரம் வெட்டுகிறவன் கட்டுப்படியாகும் விலை சொல்வான். வங்கிகள் கையை விரித்துவிட்டன. அதனால் பொதுமக்களிடம் பணம் திரட்டும் ஒரு வெப்சைட்டில் போடுவதாக முடிவு. அதற்கு இரண்டு நிமிட வீடியோ வேண்டும். முப்பது நாளுக்குள் இலக்குத் தொகை சேராவிட்டால் ஒரு பைசாகூட அவர் கைக்கு வராது, கொடுத்தவர்களுக்கே போய்விடும். ஏசி சர்வீஸ் வேலையையும் விட்டாயிற்று. இது விழுந்தால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

"அண்ணாச்சி, அச்சாரம்னா என்ன அர்த்தம்?" என்றேன். "சாமான் இருக்கு, பேசி முடிஞ்சிட்டு, மாற மாட்டேன்னு அர்த்தம். வாங்கிட்டுச் சாமான் குடுக்கலைன்னா ரெட்டிப்பாத் திருப்பணும். உங்ககிட்ட அம்பது பெட்டி இருக்கா? நாளைக்கு ஒருத்தன் வந்து எடு ரெண்டு மடங்குன்னா எங்கன போவிய?"

"அப்போ உதவின்னா மட்டும் சரியா? உதவி வாங்கினவன் கணக்குக் காட்டாண்டாம். முழுங்கிட்டு ஏப்பம் விடலாம். நான் முழுங்குதவன்னு எழுதியிருக்கிய."

அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு வார்த்தை அவரைப் பிச்சைக்காரராக்கியது, இன்னொன்று பொய்யராக்கியது. இரண்டையும் வெட்டினேன்.

அடுத்த சண்டை, பணம் போடுகிறவர்களுக்குப் பதிலுக்கு என்ன தருவது என்பதில் வந்தது. லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். அந்த மாதிரி வெப்சைட்டில் பங்கெல்லாம் பேசக்கூடாது, பொருளோ சேவையோதான் தரலாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் நாலு படி வைத்தோம். முதல் படி இருநூறு ரூபாய்: மாதம் ஒரு தரம் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று அவர் குரலிலேயே செய்தி. இரண்டாம் படி ஐநூறு: பெட்டியில் காய்ந்த அப்பளக் கட்டு. மூன்றாம் படிக்கு ஒரு பெட்டி, கடையில் வைக்கப்போகும் விலையைவிடக் குறைவாக. நாலாம் படி குழுக்களுக்கு: ஐந்து பெட்டி, அவரே நேரில் வந்து மாட்டி, ஓட்டப் பழக்கிக் கொடுப்பார்.

"லாரி வாடகை யாரு தலையில?" என்று கேட்டேன்.

அப்பளக் கட்டுக்குக் கூரியர், பெட்டிக்கு லாரி, வெப்சைட்காரன் கழிக்கும் கமிஷன், வரி, ஒன்றையும் அவர் சேர்க்கவில்லை. எல்லாம் சேர்த்தால் இலக்கு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆனது.

"இவ்வளவு கேட்டா எவன் போடுவான்? கொறச்சே போடுங்க."

"கொறச்சுக் கேட்டு, சேந்தும் போச்சுன்னா, பெட்டியும் செய்ய முடியாது, பணமும் வாங்கியாச்சு. ஆப்பசைச்ச குரங்கு கதைதான். வேணுமா?"

"குரங்குங்குதியளா என்னைய?"

ஸ்டூடியோ முதலாளி ஜெய்சன் உள்ளே வந்து இருவருக்கும் டீ சொல்லிவிட்டு ஓடிப்போனான். தேதியிலும் இதே கூத்து. இந்த ஐப்பசிக்கே பெட்டி தருவேன் என்றார். அப்போதே ஆவணி பாதி. அடுத்த ஐப்பசிக்கு என்று நான் எழுதினேன். மூன்று நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள், தொகைக்கும் தேதிக்கும் சேர்த்து ஒரே ஒரு 'சரி' வந்தது.

படப்பிடிப்பு கல்லிடைக்குறிச்சியில், இசக்கியம்மாளின் அப்பளக் கொட்டகையில். பன்னிரண்டு பெண்கள் உள்ள குழுவுக்கு அந்த அம்மாள்தான் தலைவி. வாடகையை வாங்கி முந்தானையில் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். அசன் மைதீன் சலாம் போலக் கையைத் தூக்கினார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா, இவரைத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாமயா? போன ஐப்பசியில இந்தப் பொட்டிய இங்கனதான் கொண்டாந்து வச்சான். நம்பி மாவு உருட்டிப் போட்டோம். அடித் தட்டு பூராவும் பூசணம் பூத்துப் போச்சு. அவ்வளவையும் ஆத்துல கொட்டினேன். பேசாத, என் வாயக் கிளறாத."

இதைப் பற்றி அவர் என்னிடம் மூச்சே விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கொண்டுவந்து இறக்கியிருந்த பெட்டியருகே போனேன். ஜெய்சன் கேமராவை வைத்துவிட்டான். தட்டுகளில் அப்பளம் வெள்ளை வெளேரென்று, பார்க்கவே அழகாக இருந்தது. கதவில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தால் வயரையே சொருகவில்லை.

"இது எங்கன காஞ்சது?"

"நேத்து வெயில்ல" என்றார், என்னைப் பார்க்காமல். "படத்துக்குத்தான?"

"வெயில்ல காஞ்சத மழைப் பொட்டியில வச்சுக் காட்டுதியளா? வெக்கமா இல்ல?"

"எல்லாரும் செய்யதுதான் அக்கா" என்றான் ஜெய்சன். "சோப்பு விளம்பரத்துல வர்றது நெசமா?"

"நீ வாய மூடு. சோப்பு கடையில இருக்கு. இது இன்னும் செய்யவே இல்ல. இல்லாத சாமானுக்குக் காசு கேக்கும்போது கைல இருக்கதயாவது நெசமாக் காட்டணும்."

அசன் மைதீன் வெடித்தார். "நெசத்தக் காட்டினா எவன் வாங்குவான்? அடித் தட்டுக்குக் காத்து பத்தல. நடுவுல ஒருக்க நிறுத்தி, கீழ உள்ள தட்ட மேல, மேல உள்ளதக் கீழ மாத்தணும். மாத்தினா நல்லாக் காயும். மாத்தாட்டி பூக்கும். போன வருசம் எனக்கே அது தெரியாது. போதுமா? இதச் சொன்னா என் பொழப்பு போச்சு!"

"இதச் சொல்லாம எழுத மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று என் பையை எடுத்தேன்.

இசக்கியம்மாள் வாசலை மறித்தாள். என்னை மறிக்கவில்லை, நழுவப் பார்த்த அவரைத்தான்.

"தட்ட மாத்தணும்னு இப்பம்தான் சொல்லுத! தெரிஞ்சதுமே வந்து சொல்லியிருந்தா உன்னைய ஊரெல்லாம் ஏசியிருக்க மாட்டேன்லா? ஓடித்தான ஒளிஞ்ச, பாவி?"

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு குனிந்து வயரைச் சொருகினார். ஈர அப்பளம் கேட்டார். இசக்கியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். பாதியில் நிறுத்தித் தட்டை மாற்றுவதையும் ஜெய்சன் எடுத்தான். வெந்த முகத்தோடு கேமராவைப் பார்த்து அசன் மைதீன் பேசினார். நான் எழுதியதில் பாதிதான் அவர் வாயில் வந்தது. மீதி அவருடையது.

"நான் அசன் மைதீன். இது மழையில அப்பளம் காய வைக்கிற பொட்டி. போன ஐப்பசியில இதே கொட்டகையில ஒரு தட்டு அப்பளத்தக் கெடுத்தேன். நடுவுல தட்ட மாத்தாததுதான் காரணம். மாத்தச் சோம்பலா இருக்கவங்க வாங்காண்டாம். அம்பது பொட்டி செய்யப் பணம் வேணும். தகரத்துக்கு, மோட்டருக்கு, கூலிக்கு, லாரிக்கு. எதுக்கு எவ்வளவுன்னு கீழ எழுதியிருக்கு. அடுத்த ஐப்பசிக்குள்ள தரணும்னு பாக்கேன். பிந்தலாம். முடியாமலும் போகலாம். போச்சுன்னா செலவுக் கணக்கக் காட்டி, மிச்சத்தத் திருப்பித் தருவேன். இது உதவி இல்ல. அச்சாரமும் இல்ல. யோசிச்சுப் போடுங்க."

வீடியோ போட்டதும் முதலில் வந்த கமெண்ட்: "பாய், கேக்குறீங்களா, ஏசுறீங்களா?" ஆனாலும் பணம் விழுந்தது. வளைகுடாவிலிருந்து ஆட்கள் பெட்டிப் படியைப் பிடித்தார்கள். இருபதாம் நாளுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. முடிய இரண்டு நாள் இருக்கையில் இன்னும் ஒரே ஒரு குழுப்படி அளவு பாக்கி.

அன்று மேலப்பாளையத்தில் அவருடைய பட்டறையில் நானும் அவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். இசக்கியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, அதன்மேல் ரூபாய்க் கட்டு.

"இந்தா, அஞ்சு பொட்டிக்கு அச்சாரம். பன்னெண்டு பேரு சேத்தது. பிடி."

அந்த வார்த்தையை எழுதவே மாட்டேன் என்று அவரிடம் குதித்தவள் நான். இப்போது நானே வாயைத் திறக்கவில்லை. அந்தத் தட்டை வாங்கி வெப்சைட்டில் ஏற்றிவிட்டால் முடிந்தது. இலக்கு நிறைந்துவிடும். அவர் வாங்கட்டும், வாங்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அசன் மைதீன் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கினார்.

"யக்கா, இது அச்சாரம் இல்ல. அச்சாரம்னு குடுத்தா வாங்க மாட்டேன். பொட்டி வராமலும் போகலாம். உங்க துட்டுல பாதி தகரமாப் போயிரலாம். ரெட்டிப்புத் தர எங்கிட்ட வக்கு இல்ல. அந்தப் பன்னெண்டு பேருட்டயும் இதச் சொல்லிக் கேளுங்க. பெறவும் மனசு இருந்தா வெப்சைட்ல போடுங்க, கையில வேண்டாம்."

இசக்கியம்மாளின் முகம் கறுத்தது. "வெத்தல பாக்கோட வந்தவளத் திருப்பி அனுப்புத. நீ உருப்படுவியாவே?" என்று தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

"ஓய், கெடுத்துட்டீரே" என்றேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நீங்கதான எழுதினிய!" என்று கத்தினார். கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

கடைசி நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. "வெப்சைட்டத் தொறந்து பாருங்க" என்றார். திறந்தேன். குழுப்படியில் இசக்கியம்மாளின் பெயர் ஏறி, இலக்கு நிறைந்திருந்தது. கீழே, அவள் சொல்லச் சொல்ல யாரோ தட்டிக் கொடுத்தது போல, ஒரு கமெண்ட்:

"பன்னெண்டு பேருட்டயும் சொல்லிட்டேன். அச்சாரம் இல்லன்னு தெரிஞ்சேதான் போடுதோம். பொட்டி வரலைன்னா துட்டக் கேக்க மாட்டோம். ஆனா இந்தத் தடவ ஓடி ஒளியப்படாது. நாங்க ஏச வரும்போது வீட்டுல இருக்கணும்."

"வாசிச்சியளா?" என்றார் அசன் மைதீன்.

"வாசிச்சேன். இருப்பியளா?"

"இருப்பேன்" என்றார்.